அத்தியாயம் 7: டிரான்ஸ்ஃபார்மருக்குள் பி.டி. எங்கே? மின் துடிப்பும் ஒலியும் சேர்ந்து இடத்தைக் காட்டும் முறை

பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் காகிதம், பிரஸ்போர்டு, எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்தது. இதில் ஏதோ ஓரிடத்தில் ஒரு சிறு குமிழோ கூர்முனையோ சரியாக இணைக்கப்படாத உலோகத் துண்டோ இருந்தால், அந்த இடம் மட்டும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பொறியும். இரு முனைகளுக்கும் இடையிலுள்ள முழு இன்சுலேஷனும் உடையாது. அதனால் இதற்குப் பகுதி மின்னிறக்கம் என்று பெயர். சோதனைக் கூடத்தில் எல்லாரும் பி.டி. என்றே சொல்வார்கள், இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு பொறியும் இரண்டு தடயங்களை விடுகிறது. ஒன்று மின் துடிப்பு. அது நம் கணக்குக்கு நேரமே எடுக்காமல் புஷ்ஷிங்குக்கு வந்துவிடும். மற்றது எண்ணெய் வழியே நகர்ந்து டேங்க் சுவரைத் தட்டும் ஒலி. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணித் தூரத்தைக் கணிப்பது போலத்தான் இந்த முறையும். இந்த அத்தியாயத்துக்குத் தேவையான கோட்பாடு இவ்வளவே. வேலையில் பெரும்பகுதி, அந்த இரண்டாவது தடயத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான்.

## தொடங்கும் முன்: உயிருக்கான விதிகள்

இந்த வேலை இரண்டு சூழ்நிலைகளில் நடக்கும். ஒன்று சோதனைக் கூடத்தில், இன்ட்யூஸ்டு வோல்டேஜ் கொடுத்து. மற்றது துணைமின் நிலையத்தில், ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில். இரண்டுக்கும் விதிகள் வேறு.

சோதனைக் கூடத்தில்: வோல்டேஜ் இருக்கும்போது வேலிக்குள் யாரும் இருக்கக்கூடாது. சென்சாரை ஒரு சாண் நகர்த்துவதாக இருந்தாலும் வோல்டேஜை இறக்கி, சப்ளை பிரேக்கரைத் திறந்து, எர்த் ராடை டெர்மினலில் மாட்டிய பிறகே உள்ளே போக வேண்டும். இதனால் நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் முதல் சுற்றிலேயே முடிந்தவரை அதிகச் சென்சார்களை ஒட்டச் சொல்கிறோம்.

ஓடும் டிரான்ஸ்ஃபார்மரில்: டேங்க் எர்த் செய்யப்பட்டது, ஆகவே தரையில் நின்று கைக்கெட்டும் உயரத்தில் சென்சார் ஒட்டலாம், அதற்குரிய பெர்மிட் இருந்தால். மூடியின் மேல் ஏறக்கூடாது, உலோக ஏணி கூடாது. எண்ணெய்ப் பரிசோதனையில் ஹைட்ரஜனோடு அசிட்டிலீனும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் அருகில் போகவே வேண்டாம். லைன் கிளியர் வாங்கி, அணைத்து, சென்சார்களை ஒட்டி, கேபிளைத் தூரமாக இழுத்து, ஆட்கள் விலகிய பிறகு மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எங்கும் பொருந்துவது: புஷ்ஷிங்கின் டெஸ்ட் டேப் வோல்டேஜில் இருக்கும்போது திறந்து கிடக்கக்கூடாது. அது எர்த்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அளவீட்டு இம்பிடென்ஸ் வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். திறந்து கிடந்தால் அங்கே பல கிலோவோல்ட் எழும்பும், டேப் எரிந்து புஷ்ஷிங்கே போகலாம். டேப் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதும் அணைத்து எர்த் செய்த நிலையில் மட்டுமே. சோதனை முடிந்ததும் மூடி திரும்ப மாட்டப்பட்டதா என்று இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

## முதல் பகுதி: மின்முறையில் அளப்பது

மின்முறை அளவீட்டின் அலகு பிக்கோகூலும். ஐ.இ.சி. 60270 இதற்கான தரநிலை. புஷ்ஷிங்கில் தெரிவது உள்ளே உண்மையில் நகர்ந்த மின்னூட்டம் அல்ல, டெர்மினலில் தென்படும் அளவு மட்டும்தான். வைண்டிங்கின் ஆழத்தில் நடக்கும் பொறி, புஷ்ஷிங்கை எட்டுவதற்குள் பெரிதும் குறைந்துபோகும். எண் சிறியது என்பதால் கோளாறும் சிறியது என்று முடிவு கட்டாதீர்கள்.

படிகள்

1. டிரான்ஸ்ஃபார்மரை அணைத்து எர்த் செய்யுங்கள். அளவீட்டு இம்பிடென்ஸை ஒவ்வொரு புஷ்ஷிங்கின் டெஸ்ட் டேப்பிலும் மாட்டுங்கள். அதன் எர்த் வயர் குட்டையாக, புஷ்ஷிங் ஃபிளாஞ்சிலேயே முடியட்டும்.

2. டெர்மினல்களில் உருண்டையான கொரோனா ஷீல்டுகளை மாட்டுங்கள். டேங்க் மேலே கிடக்கும் கம்பித் துண்டு, ஸ்பேனர், எர்த் ஆகாத பழைய போல்ட் எல்லாவற்றையும் அகற்றுங்கள். சோதனைக் கூடத்தில் உள்ளே தேடப்படும் "பி.டி."யில் பல, வெளியே கிடக்கும் இந்தப் பொருள்களிலிருந்துதான் வருகின்றன.

3. கேலிபரேட்டரை டெர்மினலுக்கும் டேங்குக்கும் இடையில் மாட்டுங்கள். அதிலிருந்து செல்லும் மின்னூட்டம்

   q = C₀ × V

   10 வோல்ட், 50 பிக்கோஃபாரட் என்றால் 500 பிக்கோகூலும். கருவி 500 காட்டும்படி அளவுகோலைச் சரிசெய்யுங்கள். எதிர்பார்க்கும் வரம்பின் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையில் செலுத்துவது நல்லது.

4. ஒரு டெர்மினலில் செலுத்தும்போது மற்ற எல்லா டெர்மினல்களிலும் எவ்வளவு தெரிகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது. இடத்தைத் தேடும்போது முதலில் கைகொடுக்கப்போவது இந்தப் பட்டியல்தான்.

5. கேலிபரேட்டரைக் கழற்றுங்கள். கழற்றியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறந்து வோல்டேஜ் ஏற்றினால் கருவி போகும், ஆளுக்கும் ஆபத்து.

6. வோல்டேஜ் இல்லாமல், ஆனால் சப்ளை ஜெனரேட்டர் ஓடும் நிலையில் பின்னணி இரைச்சலைப் பாருங்கள்.

7. வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றுங்கள். பி.டி. எந்த வோல்டேஜில் தொடங்குகிறது, இறக்கும்போது எந்த வோல்டேஜில் நிற்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

230 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்கள் எப்படி அமையும் என்று பார்ப்போம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் இயல்பு வோல்டேஜ் 230-ஐ √3-ஆல் வகுத்தால் 133 கிலோவோல்ட். ஐ.இ.சி. 60076-3 (2013) சொல்லும் முறையில் முதலில் இதன் 0.4 மடங்கில், அதாவது 53 கிலோவோல்ட்டில் பின்னணி 50 பிக்கோகூலும்மைத் தாண்டக்கூடாது. பிறகு 1.8 மடங்கு, அதாவது 239 கிலோவோல்ட், சில நொடிகள் மட்டும். அதன் பிறகு 1.58 மடங்கு, 210 கிலோவோல்ட், ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தில் 250 பிக்கோகூலும்மைத் தாண்டக்கூடாது, தொடக்கத்தில் இருந்ததைவிட 50-க்கு மேல் கூடவும் கூடாது. கடைசியில் 1.2 மடங்குக்கு, 159 கிலோவோல்ட்டுக்கு, இறங்கும்போது 100-க்குள் இருக்க வேண்டும்.

கோர் சாச்சுரேட் ஆகாமல் இருக்க, சப்ளை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 200 ஹெர்ட்ஸில் செய்தால் 1.8 மடங்கு நிலை 30 நொடி.

> குறிப்பு: நிற்கும் வோல்டேஜ் இயல்பு வோல்டேஜைவிடக் குறைவாக இருந்தால் அதைத் தனியே அடிக்கோடிடுங்கள். கிரிடில் ஒரு கணம் வோல்டேஜ் எகிறி பி.டி.யைத் தொடங்கிவைத்தால், இயல்பு நிலைக்கு வந்த பிறகும் அது அணையாது என்று பொருள்.

## உள்ளேயா, வெளியேயா?

ஒலிச் சென்சாரை எடுக்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றில் நடக்கும் கொரோனாவைத் தேடி டேங்க் சுவரில் நாள் முழுவதும் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

கருவியின் திரையில் ஒவ்வொரு துடிப்பையும் அது நிகழ்ந்த கட்டத்தின் மேல் புள்ளியாக வைத்த படம் வரும். அதில் மூன்று வடிவங்களைப் பழகிக்கொண்டால் போதும்.

- வோல்டேஜின் உச்சியில், ஒரு அரைச்சுற்றில் மட்டும் கூட்டமாக நின்றால் காற்றிலுள்ள கூர்முனையைச் சந்தேகியுங்கள்.
- இரண்டு அரைச்சுற்றுகளிலும், வோல்டேஜ் பூஜ்ஜியத்தைக் கடந்து ஏறும் பகுதியில் ஒன்றுபோல் மேடு கட்டினால், பெரும்பாலும் இன்சுலேஷனுக்குள் உள்ள குமிழ்.
- ஒரே உயரத்தில் நேர்க்கோடு போட்டது போல், வோல்டேஜை ஏற்றினாலும் உயரம் மாறாமல் எண்ணிக்கை மட்டும் கூடினால், எதனுடனும் இணைக்கப்படாமல் மிதக்கும் உலோகம்.

பிறகு, நான்காம் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். டெர்மினல்களில் பி.டி. காட்டும் அளவுகளின் விகிதத்தை, கேலிபரேட்டர் காட்டிய விகிதத்தோடு ஒப்பிடுங்கள். எந்த டெர்மினலின் வரிசையோடு பொருந்துகிறதோ, மூலம் மின்னியல் ரீதியாக அந்த டெர்மினலுக்கு அருகில் இருக்கிறது. எதனோடும் பொருந்தாவிட்டால் வைண்டிங்கின் நடுவிலோ இரண்டு பேஸ்களுக்கு இடையிலோ இருக்கலாம். மீட்டர் கணக்கில் இடத்தை இது சொல்லாது. எந்தப் பக்கச் சுவரில் சென்சாரை ஒட்டத் தொடங்குவது என்று சொல்லிவிடும், அது போதும்.

## இரண்டாம் பகுதி: ஒலியால் இடத்தைப் பிடிப்பது

சென்சார் என்பது பீசோ வகை. 150 கிலோஹெர்ட்ஸ் அருகே நன்றாகக் கேட்கும் சென்சார் இந்த வேலைக்கு ஏற்றது. கோரின் இரைச்சல் பெரும்பாலும் 50, 60 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே முடிந்துவிடும். ஆகவே, அதற்குக் கீழே உள்ளதை ஃபில்டரால் வெட்டிவிடுங்கள்.

சென்சார் ஒட்டுதல்

1. ஒரு மூலையைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள், டேங்கின் இடது கீழ் மூலை வசதியானது. இடமிருந்து வலமாக x, சுவரிலிருந்து உள்ளே y, அடியிலிருந்து மேலே z. டேங்க் சுவரிலேயே சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

2. இடம் தட்டையாக இருக்க வேண்டும். ஸ்டிஃப்னர், வெல்டு, ரேடியேட்டர் குழாய் இருக்கும் இடங்களைத் தவிருங்கள். சில டேங்குகளின் உட்சுவரில் காந்த ஷன்ட் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும், அவை ஒலியை விழுங்கும். படத்தில் பார்த்து அவற்றுக்கு இடைப்பட்ட இடத்தில் ஒட்டுங்கள்.

3. பெயின்டின் மேலேயே ஒட்டலாம், ஆனால் தூசும் பொருக்கும் இருக்கக்கூடாது. துணியால் துடைத்து, கடலைப் பருப்பு அளவு சிலிக்கான் கிரீஸ் தடவி, காந்தப் பிடியால் அழுத்துங்கள். கிரீஸ் ஓரத்தில் சிறிது பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் நடுவில் காற்று இருக்கிறது, காற்று இருந்தால் சென்சார் செவிடு.

4. ஒவ்வொரு சென்சாருக்கும் பத்து சென்டிமீட்டர் தள்ளி, மெக்கானிகல் பென்சிலின் 0.5 மில்லிமீட்டர் லெட்டைச் சுவரில் அழுத்தி ஒடியுங்கள். எல்லாச் சேனல்களிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம் வர வேண்டும். ஒன்று மட்டும் தணிந்திருந்தால் கழற்றித் திரும்ப ஒட்டுங்கள்.

5. மின்விசிறிகளையும் எண்ணெய் பம்புகளையும் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். டேப் சேஞ்சர் இடையில் இயங்கக்கூடாது.

அளவெடுத்தல்

டெஸ்ட் டேப்பிலிருந்து வரும் மின் துடிப்பை ஆசிலாஸ்கோப்பின் டிரிக்கருக்குக் கொடுங்கள். அது பூஜ்ஜிய நேரம். அதன் பிறகு இரண்டு மில்லிசெகண்ட் வரை பதிவுசெய்யுங்கள். இரண்டரை மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அது உள்ளடக்கிவிடும். டிரிக்கர் அளவைப் பெரிய துடிப்புகள் மட்டும் தட்டும்படி வையுங்கள். பிறகு 64 பதிவுகளைச் சராசரி எடுங்கள். பொறியோடு தொடர்பில்லாத இரைச்சல் எட்டில் ஒன்றாகக் குறையும், ஒலி அப்படியே நிற்கும். சராசரி எடுக்க எடுக்க ஒலியும் மங்கினால் இரண்டு மூலங்கள் கலந்து டிரிக்கரைத் தட்டுகின்றன என்று அர்த்தம், டிரிக்கர் அளவை மாற்றி ஒன்றை மட்டும் பிடியுங்கள்.

நேரத்தைப் படிக்க வேண்டியது அலையின் உச்சியில் அல்ல, அது இரைச்சலிலிருந்து முதன்முதல் தலைதூக்கும் புள்ளியில். பத்து மைக்ரோசெகண்ட் பிசகினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குப் பிசகும்.

எண்ணெயின் சூடு

20 டிகிரி எண்ணெயில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1400 மீட்டர் போகும். காற்றில் நடப்பதற்கு மாறாக, எண்ணெய் சூடேறச் சூடேற வேகம் குறையும், ஒரு டிகிரிக்கு மூன்று மீட்டர் அளவில். 40 டிகிரியில் 1340, 70 டிகிரியில் 1250. ஓடும் டிரான்ஸ்ஃபார்மரில் 1400-ஐ அப்படியே போட்டால் ஒரு மீட்டர் தூரத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தவறு வரும். ஆயில் டெம்பரேச்சர் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள்.

## முதலில் வரும் ஒலி நேராக வந்த ஒலி அல்ல

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

எஃகில் ஒலி எண்ணெயைவிட வெகு வேகமாகப் போகும். அதில் ஒரு வகை அலை நொடிக்கு 5900 மீட்டர், இன்னொரு வகை 3200 மீட்டர். ஆகவே மூலத்திலிருந்து கிளம்பும் ஒலி, நேரே சென்சாருக்கு வருவதற்குப் பதில், அருகிலுள்ள சுவரை முதலில் தொட்டு, அங்கிருந்து எஃகு வழியே ஓடி, சென்சாரை முன்கூட்டியே எட்டிவிடுகிறது.

சுவரிலிருந்து 55 சென்டிமீட்டர் உள்ளே ஒரு மூலம், அதற்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஒரு சென்சார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயில் நேராக வர 1.32 மீட்டர், 40 டிகிரியில் 985 மைக்ரோசெகண்ட். சுவர் வழியே வருவதோ 600 மைக்ரோசெகண்டிலேயே மெல்லத் தலைகாட்டும், 750 அளவில் இன்னொரு அலை சற்று வலுவாக வரும். 600-ஐ எண்ணெய் வேகத்தால் பெருக்கினால் 80 சென்டிமீட்டர். உண்மைத் தூரத்தைவிட அரை மீட்டர் குறைவு. இப்படிப்பட்ட மூன்று எண்களைக் கணினியில் போட்டால் அது கூசாமல் ஓர் இடத்தைச் சொல்லும். டேங்கை வடித்து ஆளை இறக்கிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

இதிலிருந்து தப்பும் வழி எளிது. சென்சார் மூலத்துக்கு நேரெதிரே நெருங்க நெருங்க, சுவர் வழியின் அனுகூலம் குறைந்து, கடைசியில் இல்லாமலே போகும். நேர்க்கோட்டிலிருந்து பதின்மூன்று டிகிரிக்குள் வந்துவிட்டால் எண்ணெய் வழி ஒலிதான் முதலில் வரும். மேலும், எந்த வழியில் வந்தாலும் நேரெதிர்ப் புள்ளியிலிருந்து விலக விலக நேரம் கூடத்தான் செய்யும். ஆகவே சுவர் அலை கலந்திருந்தாலும், மிகக் குறைந்த நேரம் காட்டும் சென்சார்தான் மிக அருகில் என்பது பொய்க்காது. தூரங்களை நம்பாதீர்கள், வரிசையை நம்புங்கள். குறைந்த நேரத்தை நோக்கி நகருங்கள். இனி குறையாது என்ற இடம் வந்தபின் மட்டும் தூரம் கணக்கிடுங்கள்.

மிக உரத்த ஒலி வரும் சென்சாரை நோக்கி நகர்வது இன்னொரு வழக்கமான தவறு. ஒட்டிய தரம், ஸ்டிஃப்னர், ஷன்ட் எல்லாம் உயரத்தை மாற்றும். நேரத்தை மாற்றாது.

## செய்து பார்ப்போம்: ஓர் எடுத்துக்காட்டு

230/110 கிலோவோல்ட் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சோதனைக் கூடத்தில் நிற்பதாகக் கொள்வோம். டேங்கின் உயரம் 3 மீட்டர், எண்ணெய் 40 டிகிரி. ஏற்றும்போது 150 கிலோவோல்ட்டில் பி.டி. தொடங்கி, இறக்கும்போது 125-இல் நிற்கிறது. இயல்பு 133 என்பதால் இதை அப்படியே அனுப்ப முடியாது. அளவு, ஒய் பேஸ் 230 டெர்மினலில் 4000 பிக்கோகூலும். கட்டப் படத்தில் ஒரே உயரத்தில் கோடு. மிதக்கும் உலோகம் என்ற சந்தேகம் இங்கேயே எழுகிறது.

கேலிபரேட்டர் பட்டியலைப் பார்க்கிறோம். ஒய் பேஸ் 230 டெர்மினலில் 500 செலுத்தியபோது ஒய் பேஸ் 110 டெர்மினலில் 150, ஆர் பேஸ் 230 டெர்மினலில் 30 தெரிந்தது. இப்போது பி.டி. அதே டெர்மினல்களில் 4000, 1180, 230 காட்டுகிறது. விகிதம் ஏறத்தாழ அப்படியே. மூலம் ஒய் பேஸின் 230 லீடை ஒட்டியே இருக்கிறது. ஆகவே 230 புஷ்ஷிங் பக்கச் சுவரில் தொடங்குகிறோம்.

முதல் சுற்று. நான்கு சென்சார்கள், விலாவாரியாக:

- x 1.0, z 1.2 மீட்டர்: 610 மைக்ரோசெகண்ட்
- x 2.0, z 1.2: 505
- x 3.0, z 1.2: 585
- x 2.0, z 2.2: 470

இந்த எண்களைத் தூரமாக மாற்றும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், இவற்றில் சுவர் அலை கலந்திருக்கிறது. வரிசை மட்டும் பேசட்டும். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் சற்றுக் குறைவு, ஆகவே x இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதல். கீழேயிருப்பதைவிட மேலேயிருப்பது குறைவு, ஆகவே z 1.7-க்கு மேலே.

இரண்டாம் சுற்று. வோல்டேஜை இறக்கி, எர்த் மாட்டி, சென்சார்களை அந்தப் பகுதிக்கு நகர்த்துகிறோம்:

- x 2.00, z 1.70: 424
- x 2.25, z 1.85: 427
- x 2.05, z 2.00: 436
- x 1.80, z 1.80: 450

முதல் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆகவே நேரெதிர்ப் புள்ளி அவற்றுக்கு நடுவே, x 2.1, z 1.8 அருகில்.

மூன்றாம் சுற்று. அந்த இடத்திலேயே ஒரு சென்சார்: 410 மைக்ரோசெகண்ட். சுற்றிலும் எங்கு வைத்தாலும் இதைவிடக் கூடுகிறது. இப்போது கணக்கிடலாம்.

d = v × t = 1340 × 0.000410 = 0.55 மீட்டர்

சுவரிலிருந்து 55 சென்டிமீட்டர் உள்ளே.

சரிபார்த்தல். கிடைத்த இடத்திலிருந்து இரண்டாம் சுற்றின் முதல் சென்சாருக்கு உள்ள தூரம் 0.568 மீட்டர் வர வேண்டும். 424-ஐ 1340-ஆல் பெருக்கினால் 0.568. பொருந்துகிறது. ஆனால் ஒரே சுவரிலிருந்து எடுத்த எண்கள் ஒன்றையொன்று ஒத்துப்போவதில் பெரிய ஆறுதல் இல்லை. வேறொரு முகத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வோல்டேஜ் இறக்கிய நிலையில், மூடியின் மேல் x 2.1, y 0.55 அருகே, டரட்டிலிருந்து விலகிய இடத்தில் ஒரு சென்சாரை ஒட்டிக் கேபிளை மூடியோடு படிய இழுத்துவிடுகிறோம். வோல்டேஜ் ஏற்றியதும் 900 மைக்ரோசெகண்ட் வருகிறது. அதாவது மூடியிலிருந்து 1.2 மீட்டர் கீழே, அடியிலிருந்து 1.8 மீட்டர். z சரி.

படத்தோடு ஒப்பிடுதல். கிடைத்தது ஒரு புள்ளி அல்ல, இருபது சென்டிமீட்டர் அளவுள்ள ஓர் உருண்டை என்று எண்ணிக்கொள்ளுங்கள். உள்கட்டமைப்பு வரைபடத்தில் அந்த உருண்டைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். இங்கே ஒய் பேஸின் 230 லீட், அதைத் தாங்கும் கிளீட், லீட் ஜாயின்டின் மேல் இருக்கும் உலோக ஷீல்டு ஆகிய மூன்றும் வருகின்றன. ஒரே உயரத்தில் கோடு போட்ட கட்டப் படம் மிதக்கும் உலோகம் என்றது. டெர்மினல் விகிதம் லீடை ஒட்டி என்றது. மூன்றையும் சேர்த்தால் முதலில் பார்க்க வேண்டியது ஷீல்டை லீடோடு இணைக்கும் மெல்லிய கம்பி. அது அறுந்திருந்தாலோ கிரிம்ப் தளர்ந்திருந்தாலோ இந்த மூன்று அடையாளங்களும் இப்படித்தான் சேர்ந்து வரும்.

எண்ணெயை அந்த உயரத்துக்குக் கீழே வரை மட்டும் இறக்கி, மேன்ஹோல் வழியாகப் பார்க்கலாம். உள்ளே இறங்குபவர் உலர்ந்த காற்று செலுத்தப்பட்டு, ஆக்சிஜன் அளவு சரிபார்க்கப்பட்ட பிறகே இறங்க வேண்டும். டேங்க் நைட்ரஜனில் நிரப்பப்பட்டிருந்தால் மூச்சு முட்டுவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் இருக்காது.

## ஒலி கேட்காவிட்டால்

மின்முறையில் பி.டி. தெளிவாகத் தெரிகிறது, ஆனால் எந்தச் சுவரிலும் ஒலி இல்லை. இது அடிக்கடி நடக்கும். பி.டி. இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வைண்டிங்கின் உள்பக்கம் நடக்கும் பொறியின் ஒலி, பல அடுக்கு பிரஸ்போர்டு சிலிண்டர்களையும் காகிதத்தையும் தாண்டி வர வேண்டும். வரும் வழியிலேயே அது செத்துவிடும். வெளிப்புற லீடில் நிகழும் பல நூறு பிக்கோகூலும் நன்றாகக் கேட்கும். உள் வைண்டிங்கில் அதைவிடப் பெரியதும் கேட்காமல் போகலாம்.

அப்போது செய்ய வேண்டியவை:

1. பென்சில் லெட்டை மறுபடி ஒடித்துப் பாருங்கள். கிரீஸ் உலர்ந்தோ கேபிள் கழன்றோ இருக்கலாம்.
2. சென்சார்களை மூடிக்கும் எதிர்ச் சுவருக்கும் மாற்றுங்கள். வைண்டிங்கின் மேல் நுனியிலிருந்து எண்ணெய்க் கால்வாய் வழியே மேலே வரும் ஒலியை மூடி பிடித்துத் தரலாம்.
3. டெர்மினல் விகிதத்துக்குத் திரும்புங்கள். எந்த பேஸ், எந்த வைண்டிங் என்பதையாவது அது சொல்லும்.
4. எண்ணெய் வடிக்கும் வால்வ் வழியாக யு.எச்.எஃப். ஆன்டெனா நுழைக்க வசதி இருந்தால், அது டேங்குக்குள் இருக்கும் பொறியின் மின்காந்த அலையைக் கேட்கும். காற்றுக் கொரோனா அதில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே உள்ளே நடப்பதுதான் என்று உறுதியாகும், ஒலிக்கு நல்ல டிரிக்கராகவும் பயன்படும்.

அறிக்கையில் இந்த நிலையை, "மின்முறையில் இத்தனை பிக்கோகூலும், இந்த டெர்மினலை ஒத்த விகிதம், ஒலிமுறையில் இன்னின்ன சென்சார் இடங்களில் சிக்னல் இல்லை" என்று சென்சார் இடங்களின் அளவுகளோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே டேங்கின் முன் நிற்கும்போது, எங்கெல்லாம் ஏற்கெனவே கேட்டாயிற்று என்பது அவருக்குத் தெரிய வேண்டும். எண்ணெயின் வெப்பநிலையையும் தொடக்க மூலை எது என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள்.